போலி மாத்திரைக்கு 188 சாட்சிகள்

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மான வலி. குளுக்கோசமைனும் காண்ட்ராய்டினும் கலந்த ஒரு சப்ளிமெண்ட் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வாங்கித் தரச் சொல்கிறார். எட்டே வாரத்தில் அதிசயம், மருத்துவ ரீதியாக நிரூபிக்கப்பட்டது என்று போட்டிருக்கிறார்கள். கீழே நூற்றுக்கணக்கானவர்கள் தாங்கள் குணமான கதையை எழுதியிருக்கிறார்கள். அத்தனை பேருமா பொய் சொல்வார்கள்? இதை நம்பலாமா வேண்டாமா என்று எப்படி முடிவு செய்வது?

பதில்:

இல்லை, அவர்கள் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். காசு கொடுத்து எழுத வைத்தவையும் இட்டுக்கட்டியவையும் நடுவில் சில இருக்கலாம். அவற்றைத் தேடிப் பிடிப்பதில் நீங்கள் நேரம் செலவிட வேண்டியதில்லை. ஏனென்றால் அங்கே இருக்கும் ஒவ்வொரு கதையும் எழுத்துக்கு எழுத்து உண்மையாக இருந்தாலும், அந்த மாத்திரை வேலை செய்கிறதா என்ற கேள்விக்கு அவற்றில் பதில் கிடையாது. மருத்துவ ஆய்வுகளின் கணக்கைச் சரிபார்க்கும் வேலையில் பல வருடம் இருந்தவள் நான். மூட்டு வலி ஆய்வுகளில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

"இதைச் சாப்பிட்டேன், வலி குறைந்தது" என்பதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. சாப்பிட்டார் என்பது ஒன்று, குறைந்தது என்பது இன்னொன்று. இரண்டும் அவருக்கு நேரடியாகத் தெரிந்தவை. சாப்பிட்டதால்தான் குறைந்தது என்பது மூன்றாவது செய்தி. அது அவருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள அவருக்கு வழியும் இல்லை. அதே மனிதர், அதே எட்டு வாரம், மாத்திரை இல்லாமல் இருந்திருந்தால் முழங்கால் எப்படி இருந்திருக்கும் என்று பார்த்தால்தானே ஒப்பிட முடியும்? அந்த இன்னொரு எட்டு வாரம் அவருக்குக் கிடைக்கவே இல்லை.

ஒரு தனி மனிதருக்குக் கிடைக்காத அந்த ஒப்பீட்டை ஒரு பெரிய கூட்டத்தில் உண்டாக்கலாம். நல்ல வேளையாக, அம்மா கேட்கும் இதே கலவையை வைத்து அப்படி ஒரு ஆய்வு ஏற்கெனவே நடந்திருக்கிறது. கெயிட் என்று அதைச் சொல்வார்கள். அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்களின் பணத்தில், டேனியல் கிளெக் என்ற மூட்டு மருத்துவரின் தலைமையில் 16 மையங்களில் நடந்தது. முடிவுகள் 2006 பிப்ரவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்தன.

கலந்துகொண்டவர்கள் 1,583 பேர். எல்லோரும் 40 வயதுக்கு மேற்பட்டவர்கள், குறைந்தது ஆறு மாதமாகப் பெரும்பாலான நாட்களில் முழங்கால் வலி உள்ளவர்கள், எக்ஸ்ரேயிலும் தேய்மானம் தெரிந்தவர்கள். சராசரி வயது 59, நூற்றுக்கு 64 பேர் பெண்கள். அதாவது அம்மாவைப் போன்றவர்கள்தான். இவர்களைக் குலுக்கல் முறையில் ஐந்து குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் தினமும் 1,500 மில்லிகிராம் குளுக்கோசமைன். இன்னொன்றுக்கு 1,200 மில்லிகிராம் காண்ட்ராய்டின். மூன்றாவதற்கு இரண்டும் சேர்த்து. நான்காவதற்கு செலிகாக்சிப் என்ற வலி மருந்து, 200 மில்லிகிராம். ஐந்தாவது குழுவுக்கு உள்ளே மருந்தே இல்லாத போலி மாத்திரை. யாருக்கு எது என்று சாப்பிடுபவருக்கும் தெரியாது, வலியை அளந்து எழுதுபவருக்கும் தெரியாது. 24 வாரம் கழித்து முழங்கால் வலி ஆரம்பத்தில் இருந்ததைவிட 20 சதவீதமாவது குறைந்திருந்தால் அவரைப் பலன் கண்டவர் என்று கணக்கில் எடுப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டார்கள்.

முடிவைச் சொல்லும்போது போலி மாத்திரைக் குழுவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பதில் அங்கேதான் இருக்கிறது. அந்தக் குழுவில் 313 பேர். அவர்களில் 60.1 சதவீதம் பேருக்கு வலி குறைந்திருந்தது. அதாவது 188 பேர்.

அந்த 188 பேரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டிருக்கிறார்கள். படியேறுவது சுலபமாகியிருக்கிறது, அல்லது இரவில் புரண்டு படுக்கும்போது முன்பு போல வலிக்கவில்லை. இது அவர்களது கற்பனை இல்லை. கேள்வித்தாள் வைத்து அளந்து பார்த்த மாற்றம். யாருக்கு எந்த மாத்திரை என்ற குறியீட்டைத் திறப்பதற்கு முன் அவர்களிடம் கேட்டிருந்தால், பலரும் மனதார நன்றி சொல்லி எழுதிக் கொடுத்திருப்பார்கள். அத்தனையும் நேர்மையான சாட்சியமாக இருந்திருக்கும். நீங்கள் அந்த விளம்பரத்தின் கீழே படித்தவற்றுக்கும் இவற்றுக்கும் ஒரு சொல்கூட வித்தியாசம் தெரியாது.

சரி, மருந்தே இல்லாத மாத்திரையில் இத்தனை பேருக்கு எப்படிக் குறைந்தது? மனசுதான் காரணம் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். நம்பிக்கைக்கும் அக்கறையான கவனிப்புக்கும் வலியில் ஒரு பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதைவிட எளிமையான காரணம் ஒன்று இருக்கிறது. தேய்மான வலி ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. சில வாரம் ஏறும், சில வாரம் தணியும். ஒரு முழங்காலை எடுத்துக்கொள்வோம். பத்துக்கு இத்தனை என்று குறித்தால் அதன் வழக்கமான வலி 5. நல்ல நாளில் 3, மோசமான காலத்தில் 8. இவர் எப்போது புதிய மாத்திரையைத் தேடிப் போவார்? 3-ல் இருக்கும்போது போகமாட்டார். 8-ல் தவிக்கும்போதுதான் விளம்பரம் கண்ணில் படும், பணமும் கையை விட்டுப் போகும். எட்டு வாரம் கழித்து அந்த வலி தன் வழக்கமான 5-க்குத் திரும்பியிருந்தால், 8-லிருந்து 5 என்பது ஏறக்குறைய 38 சதவீதக் குறைவு. எதுவும் செய்யாமலே அவர் "பலன் கண்டவர்" ஆகிவிட்டார். சராசரிக்குத் திரும்புதல் என்று புள்ளியியலில் இதைச் சொல்வோம்.

ஆய்விலும் இதே கதைதான். கெயிட்டில் சேர 500 புள்ளி வலி அளவுகோலில் குறைந்தது 125 இருக்க வேண்டும். அன்றைக்கு வலி குறைவாக இருந்தவரைச் சேர்க்கவே மாட்டார்கள். ஆகவே உள்ளே வந்த கூட்டத்தில் உச்சத்தில் இருந்தவர்கள் அதிகம். உச்சத்திலிருந்து போக்கிடம் கீழேதான். அதோடு, வலி தாங்க முடியாதபோது பாராசிட்டமால் போட்டுக்கொள்ள எல்லாக் குழுக்களுக்கும் அனுமதி இருந்தது. வீட்டில் சப்ளிமெண்ட் வாங்கிச் சாப்பிடுகிறவரும் பெரும்பாலும் அதை மட்டுமே செய்வதில்லை. கொஞ்சம் நடக்க ஆரம்பிப்பார், எடையைப் பார்த்துக்கொள்வார், தைலம் தேய்ப்பார், டாக்டர் கொடுத்த மாத்திரையையும் தொடர்வார். குணமான பிறகு பெயர் வாங்குவது மட்டும் கடைசியாக வாங்கிய டப்பா.

இப்போது மற்ற குழுக்கள். குளுக்கோசமைன் சாப்பிட்டவர்களில் 64.0 சதவீதம் பேருக்கு வலி குறைந்தது. காண்ட்ராய்டினில் 65.4, இரண்டும் சேர்ந்த கலவையில் 66.6, செலிகாக்சிப்பில் 70.1. இந்த எண்களைத் தனியாகப் பார்த்தால் கலவை பிரமாதமாகத் தெரியும். மூன்றில் இரண்டு பேருக்குப் பலன் என்று போட்டால் அந்த விளம்பரம் பொய்யும் ஆகாது. ஆனால் பக்கத்தில் 60.1 என்ற எண்ணை வைத்தவுடன் படம் மாறிவிடுகிறது. கலவையால் வந்தது என்று சொல்லக்கூடியது அதிகபட்சம் நூற்றுக்கு ஆறேழு பேர். குலுக்கலில் தற்செயலாகவே இந்த அளவு வித்தியாசம் வந்துவிட வாய்ப்பு இருந்ததால், அந்த ஆறேழையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. செலிகாக்சிப்புக்கு வந்த பத்துப் பேர் வித்தியாசம் தற்செயலைத் தாண்டி நின்றது. அந்தக் குழுவைச் சேர்த்ததன் பயனே இதுதான். ஏற்கெனவே வேலை செய்யும் என்று தெரிந்த ஒரு மருந்தை இந்த ஆய்வு அடையாளம் கண்டுவிட்டது. ஆகவே ஆய்வின் தராசு மழுங்கலாக இருந்ததால்தான் கலவை தோற்றது என்று சொல்ல முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். செலிகாக்சிப் சாப்பிட்ட நூறு பேரில் வலி குறைந்த 70 பேரிலும் 60 பேர் எப்படியும் குறைந்திருக்கக்கூடியவர்கள். மருந்தால் குறைந்தது பத்துப் பேருக்கு. அந்தப் பத்துப் பேர் யார் என்று யாராலும் விரல் நீட்டிச் சொல்ல முடியாது. அவர்களுக்கே தெரியாது. வேலை செய்யும் மருந்துக்கே தனி மனித சாட்சியம் இவ்வளவு பலவீனமானது என்றால், வேலை செய்கிறதா என்றே தெரியாத ஒன்றுக்கு அதை நம்பி எப்படி முடிவெடுப்பது?

"ஆனாலும் நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறார்களே" என்று நீங்கள் கேட்டீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், எண்கள் என் கற்பனை. ஒரு மாத்திரை, அதில் எந்தச் சக்தியும் இல்லை. பத்தாயிரம் பேர் வாங்குகிறார்கள். போலி மாத்திரைக் குழுவில் நடந்ததுபோல ஆறாயிரம் பேருக்கு வலி தணிகிறது. அவர்களில் இருபதில் ஒருவர் மகிழ்ச்சியில் எழுதுகிறார். 300 உண்மைக் கதைகள் தயார். தணியாத நாலாயிரம் பேர் டப்பா தீர்ந்ததும் வாங்குவதை நிறுத்திவிட்டு வேறு வழி தேடிப் போய்விடுவார்கள். பெரும்பாலோர் திரும்பி வந்து எதுவும் எழுதமாட்டார்கள். எழுதினாலும் அதை விளம்பரத்தில் போடப் போவதில்லை. ஆகவே 300 என்ற எண்ணிக்கை காட்டுவதெல்லாம் எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதைத்தான். ஆய்வில் இந்த வசதி கிடையாது. 313 பேரில் பலன் காணாத மீதி 125 பேரும் கணக்கில் நிற்கிறார்கள்.

அடுத்தது "மருத்துவ ரீதியாக நிரூபிக்கப்பட்டது" என்ற வாசகம். கதைகளைவிட இதுதான் படித்தவர்களையும் ஏமாற்றும், அதனால் இதில் கொஞ்சம் நின்று பார்ப்போம். இதற்கும் கெயிட் ஆய்விலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு.

1,583 பேரில் 1,229 பேருக்கு ஆரம்பத்தில் வலி லேசானது. 354 பேருக்கு நடுத்தரம் முதல் கடுமை வரை. இந்த 354 பேரை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது, கலவை சாப்பிட்டவர்களில் 79.2 சதவீதம் பேருக்கும் போலி மாத்திரையில் 54.3 சதவீதம் பேருக்கும் பலன் தெரிந்தது. 25 புள்ளி வித்தியாசம்! கடும் வலிக்கு இந்தக் கலவை கேட்கிறது என்று தோன்றத்தானே செய்யும்? உலகின் முன்னணி மருத்துவ இதழில் வந்த எண், அரசுப் பணத்தில் நடந்த ஆய்வு. விளம்பரம் எழுதுகிறவர் வேறு எதையும் தேட வேண்டியதில்லை.

நாங்கள் இந்த மாதிரி எண்ணைப் பார்த்தால் முதலில் தயங்குவோம். 354 பேரை ஐந்தாகப் பிரித்தால் ஒரு குழுவுக்கு 70 பேர்தான். அவ்வளவு சிறிய கூட்டத்தில் நாலைந்து பேர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போனாலே சதவீதம் நன்றாக ஆடும். அதுவும் ஆடியிருக்கிறது என்பதற்குத் தடயமும் அங்கேயே இருந்தது. இதே 354 பேரில் செலிகாக்சிப் குழுவுக்கு 69.4 சதவீதம்தான் வந்தது, போலி மாத்திரையிலிருந்து அது தெளிவாகப் பிரிந்து நிற்கவில்லை. வேலை செய்யும் என்று தெரிந்த வலி மருந்தே தடுமாறும் அளவுக்கு ஒரு சிறிய கூட்டத்தில், கலவை மட்டும் பெரிய வெற்றி பெறுகிறது என்றால் யோசிக்க வேண்டும். ஒரு ஆய்வின் ஆட்களை வயது, எடை, வலியின் கடுமை என்று பல விதமாகப் பிரித்துக்கொண்டே போனால், எங்காவது ஒரு மூலையில் தற்செயலாக ஒரு நல்ல எண் தலை காட்டியே தீரும். ஆய்வை நடத்தியவர்களும் இதை உறுதியான முடிவாகச் சொல்லவில்லை, கலவை இப்படிப்பட்டவர்களுக்கு உதவக்கூடும் என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்கள்.

நேர்மையான வழி ஒன்றுதான். கடும் வலி உள்ளவர்களை மட்டும் சேர்த்து, புதிதாக ஒரு ஆய்வு நடத்திப் பார்க்க வேண்டும். அதை இரண்டு குழுவினர் செய்தார்கள்.

முதலாவது மூவ்ஸ் என்ற ஆய்வு, 606 பேர், 2016-ல் அச்சில் வந்தது. மூலப்பொருள் தயாரிக்கும் ஒரு நிறுவனம் பணம் கொடுத்தது. ஆறு மாதத்தில் கலவைக் குழுவில் வலி சராசரியாக 50.1 சதவீதம் குறைந்தது, செலிகாக்சிப் குழுவில் 50.2. வலி மருந்துக்குச் சமம் என்று விளம்பரப்படுத்த இதைவிட நல்ல முடிவு வேண்டுமா? ஆனால் அந்த ஆய்வில் போலி மாத்திரைக் குழுவே இல்லை. ஒன்றுமில்லாத மாத்திரையிலேயே எவ்வளவு பேருக்கு வலி குறையும் என்று முன்பே பார்த்தோம். அப்படியிருக்க, இரண்டு குழுவிலும் வலி பாதியாகியது என்பதை வைத்து அதில் மாத்திரையின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை.

இரண்டாவது ஆய்வு ஸ்பெயினில் 164 பேரிடம் நடந்தது, 2017-ல் வெளியானது. இதில் போலி மாத்திரைக் குழு இருந்தது. கெயிட்டில் கொடுத்தது குளுக்கோசமைன் ஹைட்ரோகுளோரைடு, சல்பேட் வடிவத்தில் கொடுத்திருந்தால் வேலை செய்திருக்கும் என்று பல வருடமாக ஒரு வாதம் உண்டு. இந்த ஆய்வில் சல்பேட் வடிவம்தான் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் கலவை சாப்பிட்டவர்களுக்கு வலி 19 சதவீதம் குறைந்தது. போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 33 சதவீதம். இடையில் எடுத்துப் பார்த்த கணக்கைக் கண்டு ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். போலி மாத்திரை மருந்தைவிடச் சிறந்தது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம், சிறிய ஆய்வுதான். ஆனால் 79 சதவீத அதிசயம் இரண்டாம் முறை தேடிப் போனபோது அங்கே இல்லை என்பது தெரிந்துவிட்டது. அப்புறம், தேய்ந்த குருத்தெலும்பு மீண்டும் வளரும் என்று உங்கள் விளம்பரத்தில் இருந்தால் அதற்கும் ஒரு பதில் உண்டு. குருத்தெலும்பு தேயத் தேய மூட்டு எலும்புகளுக்கு நடுவே இடைவெளி குறையும். கெயிட்டில் இருந்த 572 பேரின் மூட்டு இடைவெளியை இரண்டு வருடம் எக்ஸ்ரேயில் அளந்தார்கள். போலி மாத்திரைக் குழுவிலிருந்து எந்தக் குழுவும் தெளிவாக வேறுபடவில்லை. அந்த முடிவு 2008-ல் வந்தது.

எதிர்ப்பக்கமும் சொல்லிவிடுகிறேன். 2001-ல் லான்செட் இதழில் 212 பேரை மூன்று வருடம் தொடர்ந்த ஒரு ஆய்வு வந்தது. குளுக்கோசமைன் சல்பேட் சாப்பிட்டவர்களுக்கு மூட்டு இடைவெளி குறைவது நின்றது என்று அது சொன்னது. அதைக் காட்டுகிறவர்கள் இன்றும் உண்டு. ஆனால் 2010-ல் மொத்தம் 3,803 பேரைக் கொண்ட பத்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நோயாளி உணரும் அளவுக்கு வலியிலோ மூட்டு இடைவெளியிலோ பலன் தெரியவில்லை. நிறுவனங்களின் தொடர்பு இல்லாமல் நடந்த ஆய்வுகளில் பலன் இன்னும் சிறியதாக இருந்தது. என்னிடம் கேட்டால், இந்த விஷயத்தில் சான்றுகளின் எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இனி உங்கள் கையில் இருக்கும் விளம்பரத்துக்கு வருவோம். அதில் ஒரு ஆய்வைச் சொல்லியிருந்தால், முதலில் ஒரே ஒரு எண்ணைத் தேடுங்கள்: ஒப்பீட்டுக் குழுவில் எத்தனை பேருக்குக் குறைந்தது? "60 பேரில் 50 பேருக்கு நிவாரணம்" என்று போட்டுவிட்டு அந்த எண்ணைச் சொல்லவில்லை என்றால், அது ஆய்வு என்ற பெயரில் வந்த சாட்சியத் தொகுப்புதான். அந்த எண் இருந்தால், ஆட்களைக் குழுவாகப் பிரித்தது குலுக்கலிலா என்று பாருங்கள். விரும்பி வந்தவர்களுக்கு மருந்தும், வேண்டாம் என்றவர்களுக்குப் போலி மாத்திரையும் கொடுத்திருந்தால், வித்தியாசம் மாத்திரையால் வந்ததா ஆட்களால் வந்ததா என்று தெரியாமல் போய்விடும். சோதித்தது இந்தப் பொருளைத்தானா, இதே அளவிலா என்பதையும் பாருங்கள். 1,500 மில்லிகிராமுக்கு நடந்த ஆய்வைக் காட்டி 250 மில்லிகிராம் விற்பது புதிதில்லை.

ஆய்வின் தலைப்போ ஆசிரியர் பெயரோ கிடைத்தால் PubMed தளத்தில் போட்டுப் பாருங்கள், சுருக்கத்தை இலவசமாகப் படிக்கலாம். அதைவிடப் பயனுள்ளது ClinicalTrials.gov என்ற பதிவேடு. ஆய்வு நடத்துகிறவர்கள் எதை, எப்போது அளக்கப் போகிறோம் என்று அங்கே பதிவு செய்து வைப்பார்கள். பழக்கத்துக்கு NCT00032890 என்ற எண்ணைத் தேடினால் கெயிட் ஆய்வின் பதிவு வரும். 24-வது வாரத்தில் வலியை அளப்போம் என்று பதிவு செய்தவர், கட்டுரையில் எட்டாவது வார முடிவை மட்டும் பெரிதாகக் காட்டினால், 24-வது வாரத்தில் என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கலாம். விளம்பரம் சொல்லும் ஆய்வு எங்கேயும் அகப்படவில்லையா? அப்படியானால் அந்த "நிரூபணம்" இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நிரூபிக்க வேண்டிய பொறுப்பு விற்கிறவருடையது.

இதுவரை சொன்னது பலன் இல்லாத மாத்திரையைப் பற்றி. என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது பலன் உடனே தெரியும் மாத்திரைதான். இரண்டே நாளில் வலி பறந்தது, மடக்க முடியாத கால் மடங்கியது என்று ஒரே மாதிரி பலர் எழுதியிருந்தால், அது சராசரிக்குத் திரும்புதலாக இருக்காது. உள்ளே பட்டியலில் சொல்லாத மருந்து கலந்திருக்கலாம். இது வெறும் ஊகம் இல்லை. 2022-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஆர்ட்ரி கிங் என்ற பெயரில் விற்ற மூட்டு சப்ளிமெண்டுகளைச் சோதித்து எச்சரித்தது. லேபிளில் இல்லாத டைக்ளோபினாக் என்ற வலி மருந்தும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் அவற்றில் இருந்தன. சாப்பிட்டவர்கள் எழுதிய கதைகள் உண்மையாகத்தான் இருந்திருக்கும், வலி நிஜமாகவே குறைந்திருக்கும். ஆனால் தெரியாமல் பல வாரம் ஸ்டீராய்டு சாப்பிட்டால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும், உடலின் சொந்த அட்ரீனல் சுரப்பி வேலையைக் குறைத்துக்கொள்ளும். அந்த நிலையில் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். இப்படி வேகமாக வேலை செய்யும் எதையாவது அம்மா ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால், நீங்களாக நிறுத்த வேண்டாம். டப்பாவை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

ஒருவேளை சாதாரண குளுக்கோசமைன் கலவையை வாங்கி வைத்துவிட்டீர்கள், அம்மாவும் ஆசையாக இருக்கிறார் என்றால், அதற்காக வீட்டில் சண்டை வேண்டாம். பெரும்பாலோருக்கு அது பெரிய தொந்தரவு தருவதில்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள்: தொடங்குவதற்கு முன் இரண்டு வாரம், தினமும் இரவில் பத்துக்கு எத்தனை வலி என்று அவரையே ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். சாப்பிடும் நாட்களிலும் நிறுத்திய பிறகும் தொடர்ந்து எழுதட்டும். இது ஆய்வுக்கு ஈடாகாது. எது மாத்திரை நாள் என்று அவருக்குத் தெரியும் என்பதால் நம்பிக்கையின் பங்கைப் பிரிக்க முடியாது. ஆனால் வலி தானாகவே எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பது அந்த நோட்டில் தெரிந்துவிடும். பலருக்கு அதைப் பார்த்ததே போதுமானதாக இருக்கும். தொடையின் முன்தசையை வலுவாக்கும் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொள்வதையும், எடை கூடியிருந்தால் குறைப்பதையும் இதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். ஒப்பீட்டுக் குழு வைத்த ஆய்வுகளில் முழங்கால் வலிக்குத் தாக்குப் பிடித்து நிற்பவை அவை.

வாங்குவதற்கு முன் அம்மாவின் மருந்துச் சீட்டை எடுத்து, வார்ஃபரின் என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து அது. குளுக்கோசமைனோடு சேரும்போது அதன் வேகம் கூடி ரத்தக்கசிவு ஏற்பட்டதாக மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. அந்தப் பெயர் சீட்டில் இருந்தால், டாக்டரிடம் கேட்காமல் இந்தக் கலவையில் ஒரு மாத்திரைகூட அவருக்குக் கொடுக்காதீர்கள்.